புளிப்பு ஒன்றுதான், பேர்தான் வேறே

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உணவுப் பொருள் தயாரிக்கும் குழுக்களுக்காக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு புளியைப் பற்றியது. புளியைப் பற்றி உங்களுக்கு நான் என்ன சொல்ல? மாசி, பங்குனியில மரம் உலுக்கி, ஓடு உடைச்சு, கோது உருவி, கொட்டை தட்டிக் கை காய்ச்சுப் போனவங்க நீங்க. புதுப்புளி எது, பழம்புளி எதுன்னு நிறத்தைப் பார்த்தே சொல்லிடுவீங்க. நான் உணவுப் பரிசோதனைக் கூடத்துல வேலை பார்த்தவ. அதனால புளி எங்க மேசைக்கு வந்த பிறகு அதுக்கு என்ன நடக்குது, எங்க தாள்ல ஏறுற எண் உங்க விலையை எப்படி மாத்துதுன்னு மட்டும் சொல்றேன்.

ஒரு குழுவுக்கு நடந்ததிலிருந்து ஆரம்பிக்கிறேன். பேர் வேண்டாம், ஊரும் வேண்டாம். அவங்க 400 கிலோ கொட்டை எடுத்த புளி வெச்சிருந்தாங்க. வாங்க வந்த கம்பெனி ஒரு நிபந்தனை போட்டுது: அமிலத்தன்மை 11 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. சரின்னு ஒரு பரிசோதனைக் கூடத்துக்கு மாதிரி அனுப்பினாங்க. அறிக்கை வந்துச்சு. அமிலத்தன்மை 10.24 சதவீதம். கம்பெனிக்காரர் அதைப் பார்த்துட்டு, "தரம் குறைவு, கிலோவுக்குப் பதினஞ்சு ரூபா குறைச்சுத்தான் எடுப்போம்"னு சொல்லிட்டார். 400 கிலோவுக்கு 6,000 ரூபா. குழுவில ஒருத்தருக்கொருத்தர் மனஸ்தாபம். மழையில நனைஞ்ச புளியை யார் கலந்ததுங்கிற வரைக்கும் பேச்சுப் போயிடுச்சு.

அந்த அறிக்கையை என்கிட்டக் கொண்டுவந்து காட்டினாங்க. அடியில பொடி எழுத்துல ஒரு வரி இருந்துச்சு: "நீரற்ற சிட்ரிக் அமிலமாகக் கணக்கிடப்பட்டது." கம்பெனியோட நிபந்தனைத் தாளை எடுத்துட்டு வரச் சொன்னேன். அதில "டார்டாரிக் அமிலமாக 11 சதவீதம்"னு இருந்துச்சு. சிட்ரிக்காக 10.24 இருக்கிற புளி, டார்டாரிக்காகச் சொன்னா 12 சதவீதம். அந்தச் சரக்கு நிபந்தனைக்கு மேலேயே இருந்துச்சுங்க. யாரும் எந்தப் புளியையும் கலக்கலை.

அது எப்படி ஒரே புளிக்கு ரெண்டு எண் வரும்னு கேப்பீங்க. அதைத்தான் நிதானமா பார்க்கப் போறோம்.

புளிப்பை அளக்கற முறைக்கு டைட்ரேஷன்னு பேர். பள்ளிக்கூடத்துல படிக்கிற பிள்ளைங்க வீட்டுல இருந்தா தரம்பார்த்தல்னு சொல்லுவாங்க. விஷயம் சுலபம். அமிலத்தோட காரத்தைச் சேர்த்தா ரெண்டும் ஒன்னையொன்னு அடக்கிடும். பலம் தெரிஞ்ச காஸ்டிக் சோடா கரைசலை, அளவுக்கோடு போட்ட பியூரெட் குழாயிலிருந்து புளித்தண்ணியில சொட்டுச் சொட்டா விடுவோம். புளித்தண்ணியில பினாப்தலீன்னு ஒரு மருந்து ரெண்டு மூணு சொட்டு விட்டிருப்போம். அமிலம் இருக்கற வரைக்கும் அதுக்கு நிறம் கிடையாது. அமிலம் தீர்ந்து, ஒரு சொட்டுக் காரம் கூடினதும் இளஞ்சிவப்பாயிடும். அந்த இடத்துல நிறுத்தி, எத்தனை மில்லி காரம் செலவாச்சுன்னு குறிச்சுக்குவோம். அளவு அவ்வளவுதான் முடிஞ்சது. அதுக்கு அப்புறம் நடக்கறது எல்லாம் கணக்கு.

இப்ப ஒன்னைக் கவனியுங்க. அந்தக் காரத்துக்குப் புளியில இருக்கறது எந்த அமிலம்னு தெரியாது. ஒவ்வொரு அமிலத்துக்கும் காரத்தைப் பிடிக்கிற கை உண்டு. அந்தக் கைகள் எத்தனைன்னு மட்டும்தான் காரம் எண்ணும். புளியில இருக்கிற டார்டாரிக் அமிலத்துக்கு ரெண்டு கை. எலுமிச்சையில இருக்கிற சிட்ரிக் அமிலத்துக்கு மூணு கை. ஆப்பிள்ல இருக்கிற மாலிக் அமிலத்துக்கு ரெண்டு. வினிகர்ல இருக்கிற அசிட்டிக் அமிலத்துக்கு ஒன்னே ஒன்னு.

நம்ம திருப்பூர்ப் பக்கத்துக் கணக்காவே சொல்றேன். ஒரு பனியன் கம்பெனியில கை வெச்சுத் தைக்கிற டெய்லரோட நோட்டு மட்டும் உங்க கையில இருக்குது. இன்னைக்கு 1,600 கை தைச்சிருக்கார்னு அதில எழுதியிருக்கு. பனியனை நீங்க பார்க்கலை, எடை போடலை. மொத்தச் சரக்கு எத்தனை கிலோன்னு சொல்லணும். சொல்ல முடியுமா? எந்த ரகப் பனியன்னு தெரிஞ்சாத்தான் முடியும். ஒரு பனியன் 150 கிராம், ரெண்டு கைன்னு வெச்சுக்குங்க. அப்ப ஒரு கைக்கு 75 கிராம். 1,600 கைக்கு 120 கிலோ. இன்னொரு ரகம் 192 கிராம், மூணு கை. மூணு கை பனியனை எவன் போடுவான்னு சிரிக்காதீங்க, கணக்குக்காகச் சொல்றேன். அப்ப ஒரு கைக்கு 64 கிராம். அதே 1,600 கைக்கு 102 கிலோ 400 கிராம். நோட்டுல இருக்கற எண் மாறலை. நாம நினைச்சுக்கிட்ட ரகம் மாறினதால எடை மாறுது.

இந்த 150, 192 எல்லாம் நான் சும்மா எடுத்த எண் இல்லைங்க. டார்டாரிக் அமிலத்தோட மூலக்கூறு எடை 150, சிட்ரிக் அமிலத்தோடது 192. அதைக் கைகளால வகுத்தா 75, 64. இதைத்தான் சமான எடைன்னு சொல்லுவாங்க. மாலிக் அமிலத்துக்கு 67, அசிட்டிக் அமிலத்துக்கு 60. வாழ்நாள் பூரா புளிப்புக் கணக்கு போடறதுக்கு இந்த நாலு எண்ணும் போதும்.

அந்தக் குழுவோட புளியையே இப்ப மேசையில வெச்சுச் செஞ்சு பார்ப்போம். மூட்டையில ஒரே இடத்துல கிள்ளாம, மேலே, நடுவுல, அடியிலன்னு பல இடத்துல எடுத்துக் கலந்து, கொட்டை, கோது, ஓட்டுத் தூள் எல்லாம் நீக்கிச் சதையை மட்டும் 10 கிராம் நிறுக்கணும். வெதுவெதுப்பான தண்ணியில ஊறவெச்சு நல்லாக் கரைச்சு, வடிகட்டி, சக்கையை ரெண்டு மூணு தடவை அலசி அந்தத் தண்ணியையும் சேர்க்கணும். ஆறின பிறகு மொத்தமும் 250 மில்லி வர்ற மாதிரி அளவுக் குடுவையில தண்ணி விட்டு நிரப்பணும். அதிலிருந்து 25 மில்லி எடுத்தா அதில இருக்கறது 1 கிராம் புளியோட புளிப்பு. அதைக் கூம்புக் குடுவையில விட்டு, இன்னும் 100 மில்லி தண்ணி சேர்த்து, 0.1 நார்மல் காஸ்டிக் சோடா கரைசலை விட்டோம்னா 16 மில்லியில நிறம் திரும்புது.

0.1 நார்மல் கரைசல் 1 மில்லி செலவானா அது 0.0075 கிராம் டார்டாரிக் அமிலத்துக்குச் சமம். 16 மில்லிக்கு 0.12 கிராம். 1 கிராம் புளியில 0.12 கிராம்னா, நூத்துக்கு 12. அதே 1 மில்லியைச் சிட்ரிக்காகப் பார்த்தா 0.0064 கிராம். 16 மில்லிக்கு 0.1024. நூத்துக்கு 10.24. அந்தப் பரிசோதனைக் கூடம் போட்ட எண் இதுதான். அளந்ததில ஒரு குறையும் இல்லை. எலுமிச்சை ஸ்குவாஷ், மாங்கூழ், தக்காளி சாஸ் மாதிரிச் சரக்கு அதிகம் வர்ற இடத்துல கணக்குத் தாள்ல 64-ன்னே போட்டு வெச்சிருப்பாங்க. புளி வந்தப்பவும் அதே தாள்ல ஏத்திட்டாங்க. அதைக் கீழே எழுதியும் இருக்காங்க. படிக்கிற இடத்துலதான் கோட்டை விட்டது.

ஆகவே கையில ஒரு அறிக்கை இருந்து, அதில "சிட்ரிக்காக"ன்னு எழுதியிருந்தா, திரும்பப் பரிசோதனை செய்யத் தேவையே இல்லை. அந்த எண்ணை 75-ஆல பெருக்கி 64-ஆல வகுங்க, டார்டாரிக் கணக்கு வந்துடும். சுருக்கமா 1.17-ஆல பெருக்கினாப் போதும். திருப்பிப் போடணும்னா 0.853-ஆல பெருக்கணும். எந்த அமிலமாகன்னே எழுதாத அறிக்கை வந்தா, அதை வெச்சு எந்த முடிவும் எடுக்காதீங்க. கூடத்துக்குப் போன் போட்டுக் கேட்டு, எழுத்துல வாங்கிக்குங்க. சிட்ரிக்லயே ஒரு சின்ன வில்லங்கம் உண்டு. கடையில விக்கிற சிட்ரிக் அமிலப் படிகத்துல தண்ணியும் சேர்ந்தே இருக்கறது உண்டு. அதுக்குச் சமான எடை 64 இல்லை, 70. அதனாலதான் நல்ல அறிக்கையில "நீரற்ற"ன்னு ஒரு வார்த்தை சேர்த்து எழுதுவாங்க.

சரி, எந்த அமிலமாகச் சொல்றதுன்னு எப்படித் தேர்ந்தெடுக்கறது? பொதுவான வழக்கம், அந்தப் பழத்துல எந்த அமிலம் அதிகமோ அதுவாகச் சொல்றது. எலுமிச்சை, நாரத்தை, ஆரஞ்சு, தக்காளி, மாம்பழம், அன்னாசி இதெல்லாம் சிட்ரிக். நெல்லிக்காயையும் சிட்ரிக்காகத்தான் சொல்றாங்க. ஆப்பிள் மாலிக். திராட்சையும் புளியும் டார்டாரிக். புளி இதில ஒரு தனிப் பிறவிங்க. பழங்கள்ல பெரும்பாலும் சிட்ரிக்கோ மாலிக்கோதான் முன்னால நிக்கும். டார்டாரிக்கை இவ்வளவு அடர்த்தியா வெச்சிருக்கிற பழம் புளி மாதிரி அபூர்வம். பழுக்கப் பழுக்க மத்த பழங்கள்ல புளிப்பு இறங்கிடும். மாங்காயையும் மாம்பழத்தையும் நினைச்சுப் பாருங்க. புளியில சர்க்கரை ஏறினாலும் டார்டாரிக் அவ்வளவாக் குறையாது. அதனாலதான் பழுத்த புளியில இனிப்பு இருந்தும் பல் கூசுது.

இந்த மூணு அமிலத்தையும் முதன்முதலாப் பிரிச்சு எடுத்தவர் ஒரே ஆள். கார்ல் வில்ஹெல்ம் ஷீலேன்னு, சுவீடன் நாட்டுல மருந்துக் கடை வெச்சிருந்தவர். 1769-ல் திராட்சை மது பீப்பாய்ல படியற உப்பிலிருந்து டார்டாரிக், 1784-ல் எலுமிச்சைச் சாற்றிலிருந்து சிட்ரிக், அடுத்த வருஷம் ஆப்பிள்ல இருந்து மாலிக்.

இந்த வழக்கத்துக்கும் மேலே ஒன்னு இருக்கு. வாங்கறவங்க தாள்லயோ, சட்டத்துலயோ எந்த அமிலம்னு எழுதியிருந்தா, அதுதான் கணக்கு. ஊறுகாய் போடற குழுக்களுக்கு இது ரொம்ப முக்கியம். நம்ம நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிகள்ல, எலுமிச்சைச் சாறுல போட்ட ஊறுகாய்க்குச் சிட்ரிக்காகவும், வினிகர்ல போட்ட ஊறுகாய்க்கு அசிட்டிக்காகவும் சொல்லியிருக்கு. உள்ளே மாங்காய் இருக்கா, புளி சேர்த்திருக்கா என்பதைப் பார்த்து அதை மாத்தக் கூடாது. பிரான்சு நாட்டுல திராட்சை மதுவோட புளிப்பைச் சல்பூரிக் அமிலமாகச் சொல்ற வழக்கம் இன்னைக்கும் இருக்குது. சல்பூரிக்னா பேட்டரியில ஊத்தற அமிலம். அது மதுவுல கிடையவே கிடையாது. ஆனா அந்த ஊர்ல அப்படி ஒரு வழக்கம். அதோட சமான எடை 49. அதனால வேற நாட்டுக்காரன் லிட்டருக்கு 6 கிராம்னு சொல்ற அதே மதுவை அவங்க 3.9 கிராம்னு சொல்லுவாங்க. ரெண்டு பேரும் கூட ஒன்னு எழுதிடறாங்க, எந்த அமிலமாகன்னு. அதனால சண்டை இல்லை.

இதிலிருந்து இன்னொன்னும் புரியுமுங்க. "டார்டாரிக்காக 12 சதவீதம்"னு எழுதினா, அந்தப் புளியில இருக்கறது முழுக்க டார்டாரிக்தான்னு அர்த்தம் இல்லை. புளிப்பு கம்மியான பேஸ்ட்டுல யாராவது சிட்ரிக் அமிலப் பொடியைக் கலந்திருந்தாலும் டைட்ரேஷன் அதையும் சேர்த்துக் கையை எண்ணும், 75-ஆல பெருக்கினா டார்டாரிக்னு பேரும் ஆகிடும். கலப்படம் இருக்கான்னு தெரியணும்னா அமிலங்களைத் தனித்தனியாப் பிரிச்சுக் காட்டற கருவி உள்ள பெரிய கூடத்துக்குத்தான் போகணும்.

இப்ப, இதுக்கு நேர் எதிரா ஒன்னு சொல்லப் போறேன். புளியில இருக்கிற டார்டாரிக் முழுசையும் டைட்ரேஷன் காட்டறதில்லை. புளியில பொட்டாசியம் சத்து நிறைய இருக்குது. அது டார்டாரிக்கோட ரெண்டு கையில ஒரு கையை முன்னாடியே பிடிச்சுக்கிட்டிருக்கும். எல்லாத்துலயும் இல்லை, ஒரு பகுதியில. அப்படிப் பிடிபட்ட அமிலத்துக்கு ஒரு கைதான் மிச்சம். காரம் அந்த ஒரு கையைத்தான் எண்ணும். அதனால வாங்கறவங்க "மொத்த டார்டாரிக் அமிலம் இத்தனை சதவீதம்"னு கேட்டா அது வேற, "அமிலத்தன்மை, டார்டாரிக்காக இத்தனை"ன்னு கேட்டா அது வேற. முதலாவது எண் பொதுவாப் பெருசா இருக்கும். ரெண்டும் ஒன்னுன்னு நினைச்சு ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டா, நம்ம புளி எவ்வளவு நல்லதா இருந்தாலும் எண் எட்டாது. தாள்ல "அமிலத்தன்மை"ங்கிற வார்த்தை இருக்கா, "மொத்தம்"ங்கிற வார்த்தை இருக்கான்னு விரல் வெச்சுப் படிங்க.

இந்தப் பொட்டாசியம் சேர்ந்த டார்டாரிக்கை நீங்க கண்ணாலயே பார்த்திருப்பீங்க. புளி பேஸ்ட்டைக் காய்ச்சி பாட்டில்ல அடைச்சுக் கொஞ்ச நாள் ஆனதும் அடியில நறநறன்னு வெள்ளையா படியுதில்ல, அதுதான். மணல் கலந்திருக்குன்னு வாடிக்கையாளர் திருப்பி அனுப்பற சங்கதியும் கேள்விப்பட்டிருக்கேன். ஒரு ஸ்பூன் படிவை எடுத்து, நல்லாக் கொதிக்கிற தண்ணி ஒரு டம்ளர் ஊத்திக் கலக்குங்க. இந்த உப்பு சில்லுன்னு இருக்கிற தண்ணியில கரையவே கரையாதுங்கிற மாதிரி இருக்கும், கொதிதண்ணியில கரைஞ்சுடும். மணல் எவ்வளவு கொதிச்சாலும் கரையாது. பரிசோதனைக்கு மாதிரி எடுக்கறப்பவும் இதை மனசுல வெச்சுக்குங்க. பாட்டிலை லேசாச் சூடு பண்ணி, அடி வரைக்கும் கலக்கிட்டு எடுக்கணும். மேலாப்பல எடுத்தா அடியில தங்கின புளிப்பு கணக்குல வராது.

அடுத்து, எங்கே தப்பு நேரும்னு சொல்லணும். நிறைய இடம் இருக்கு, நான் நம்ம ஊருக்குப் பொருந்தறதை மட்டும் சொல்றேன். முதல்ல தண்ணி. நம்ம பக்கத்து போர் தண்ணி எப்படின்னு உங்க குடத்துல படியற வெள்ளையே சொல்லும். அந்த உப்புத் தண்ணியில காரத்தன்மை இருக்குது. அதுல புளியைக் கரைச்சா, பியூரெட்டைத் திறக்கறதுக்கு முன்னாடியே தண்ணி கொஞ்சம் புளிப்பைத் தின்னுடும். லிட்டருக்கு 300 மில்லிகிராம் காரத்தன்மை உள்ள தண்ணியை 250 மில்லி எடுத்துச் சூடாக் கரைச்சோம்னா, 16 மில்லி வர வேண்டியது 14.5 மில்லி பக்கம் இறங்கிடலாம். 12 சதவீதம் 10.9 ஆயிடும். 11 சதவீத நிபந்தனையில நம்ம சரக்கு தண்ணியாலயே தோத்துப் போகும். அதனால காய்ச்சி வடித்த தண்ணிதான் வேணும். அதையும் கொதிக்க வெச்சு மூடி ஆற வெச்சுப் பயன்படுத்தணும், ஏன்னா காத்துல இருக்கிற கரியமில வாயு அதில கரைஞ்சு லேசாப் புளிப்புக் காட்டும்.

ரெண்டாவது நிறம். எலுமிச்சைச் சாறுல இளஞ்சிவப்பு வந்தா பளிச்சுன்னு தெரியும். புளித்தண்ணி பழுப்பு. காரம் சேரச் சேர அந்தப் பழுப்பு இன்னும் கருத்துக்கிட்டே போகும். சிவப்பு வந்துச்சா வரலையான்னு யோசிக்கறதுக்குள்ள ஒரு மில்லி கூடப் போயிடும். ஒரு மில்லி கூடினா இந்தக் கணக்குல முக்கால் சதவீதம் கூடிடும். அதுக்காகத்தான் 25 மில்லியோட 100 மில்லி தண்ணி சேர்க்கச் சொன்னேன். அடியில வெள்ளை டைல்ஸ் வெச்சு, பக்கத்துல காரம் சேர்க்காத அதே புளித்தண்ணியை இன்னொரு குடுவையில வெச்சு ஒப்பிட்டுக்கிட்டே செய்யணும். இன்னும் நல்ல வழி, வெள்ளைப் பீங்கான் தட்டுல பினாப்தலீனைச் சொட்டுச் சொட்டா வெச்சுக்கிட்டு, குடுவையிலிருந்து ஒரு சொட்டைக் கண்ணாடிக் குச்சியில தொட்டு அதில வைக்கிறது. தட்டுல சிவந்தா நிறுத்திக்கலாம். கூட்டமைப்புக்கு பிஎச் மீட்டர் வாங்கற வசதி இருந்தா இந்தத் தொல்லையே இல்லை. பழச்சாறுக்கு 8.1 வர்ற இடத்துல நிறுத்தணும். நிறத்தைக் கண்ணால பார்க்கவே வேண்டாம்.

மூணாவது, காஸ்டிக் சோடா கரைசல். கலக்கி வெச்சது அப்படியே இருக்கும்னு நம்பக் கூடாது. காத்துல இருக்கற கரியமில வாயு அதோட பலத்தைக் குறைச்சுக்கிட்டே இருக்கும். பலம் குறைஞ்ச காரம் அதிகமாச் செலவாகும், புளிப்பு கூடவே இருக்கற மாதிரி காட்டும். நமக்குச் சாதகம்தானேன்னு விட்டா, வாங்கறவர் கூடத்துல உண்மை எண் வர்றப்போ நம்ம பேர் கெடும். 0.63 கிராம் ஆக்சாலிக் அமிலப் படிகத்தை 100 மில்லி தண்ணியில கரைச்சா அது 0.1 நார்மல். அதில 10 மில்லிக்கு நம்ம காரம் சரியா 10 மில்லி செலவாகணும். 10.5 மில்லி ஆச்சுன்னா நம்ம காரம் 0.1 இல்லை, 0.095 தான். அந்த எண்ணைப் போட்டுக் கணக்குப் பண்ணணும். ஆக்சாலிக் விஷம், காஸ்டிக் தோலை அரிக்கும். சமையல் பாத்திரம் எதையும் இதுக்கு எடுக்காதீங்க, பிள்ளைங்க கைக்கு எட்டாத இடத்துல பூட்டி வைங்க.

உப்பைப் பத்தியும் ஒரு வார்த்தை. புளியை வருஷத்துக்கு வைக்கிறப்போ கல்லுப்பு போட்டுப் பிசைஞ்சு பானையில அழுத்தறது நம்ம வழக்கம். உப்பு டைட்ரேஷனைத் தொடாது, ஆனா எடையில உக்காந்துக்கும். நூறு கிராம்ல 5 கிராம் உப்பு இருந்தா 12 சதவீதம் 11.4 ஆகிடும். ஈரமும் அப்படித்தான். 20 சதவீதம் ஈரம் உள்ள புளியில 12 சதவீதம்னா, ஈரம் நீக்கின கணக்குல அது 15. சில வெளியூர் வியாபாரிகள் ஈரம் நீக்கின கணக்குல கேப்பாங்க. அறிக்கையில எந்த அமிலமாகன்னு பார்க்கறப்போ, ஈரத்தோடயா, ஈரம் நீக்கியான்னும் சேர்த்துப் பார்த்துக்குங்க.

பழச்சாறு போடற குழுவிலிருந்து ஒரு அக்கா, கூட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே என்கிட்ட ஒன்னு கேட்டாங்க. திராட்சை ஜூஸுக்கும் எலுமிச்சை ஜூஸுக்கும் ஒரே கணக்கைப் போட்டா என்ன, வித்தியாசம் கொஞ்சம்தானேன்னு. திராட்சையில அது கொஞ்சம் இல்லைங்க அக்கா. ஜூஸ்ல இனிப்பையும் புளிப்பையும் வகுத்து ஒரு விகிதம் பார்ப்பாங்க. கம்பம் பன்னீர் திராட்சைச் சாறு ஒன்னுல பிரிக்ஸ் 15, டார்டாரிக்காக 0.6-ன்னு வெச்சுக்குங்க. விகிதம் 25. அதையே சிட்ரிக்காகப் போட்டா புளிப்பு 0.51, விகிதம் 29. தாளைப் பார்க்கறவங்க இது ரொம்பத் தித்திப்புன்னு நினைச்சு, அடுத்த தடவை எலுமிச்சையை இன்னும் கொஞ்சம் பிழிவாங்க. நாக்கு ஏத்துக்கிட்ட ருசியைக் காகிதம் கெடுத்துடும். தக்காளிக்கு அந்தத் தொந்தரவு இல்லை. நம்ம உடுமலைச் சந்தைத் தக்காளியைச் சாஸ் போடறவங்க சிட்ரிக் கணக்கை அப்படியே வெச்சுக்கலாம். 1 மில்லிக்கு 0.0064, முடிஞ்சது. ஆனா சாஸ்ல வினிகர் ஊத்தறீங்க. ஊத்தினதுக்கு அப்புறம் எடுக்கிற மாதிரியில தக்காளியோட சிட்ரிக், வினிகரோட அசிட்டிக் ரெண்டோட கையும் சேர்ந்தே எண்ணப்படும். வாங்கறவங்க எதுவாகக் கேக்கறாங்களோ அதுவாக எழுதி, தக்காளிக் கூழோட புளிப்பை வினிகர் ஊத்தறதுக்கு முன்னாடி ஒரு தடவை தனியா அளந்து நோட்டுல வெச்சுக்குங்க. அடுத்த லோடு தக்காளி வர்றப்போ வினிகரைக் கூட்டணுமா குறைக்கணுமான்னு பார்க்க அந்த எண்தான் உதவும்.

அந்தக் குழு என்ன செஞ்சாங்கன்னு சொல்லாம விட்டேனே. பரிசோதனைக் கூடத்துக்கு ஒரு கடிதம் எழுதி, அதே அறிக்கையை "டார்டாரிக் அமிலமாக 12.0 சதவீதம், ஈரத்தோடு"ன்னு திருத்தி வாங்கினாங்க. புது மாதிரி அனுப்பலை, கட்டணமும் மறுபடி கட்டலை. கம்பெனி பேசின பழைய விலைக்கே சரக்கை எடுத்துக்கிச்சு. இப்ப அவங்க தீர்மானப் புத்தகத்துல, மாதிரி அனுப்பற கடிதத்துல எழுத வேண்டிய வாசகத்தையே ஒட்டி வெச்சிருக்காங்க. அது இதுதான், நீங்களும் எழுதிக்குங்க: "கொட்டை, கோது நீக்கிய புளிச் சதை. உப்பு சேர்க்கவில்லை. அமிலத்தன்மையை டார்டாரிக் அமிலமாக, ஈரத்தோடு உள்ள எடைக்கு, சதவீதத்தில் தரவும். ஈரப்பதத்தைத் தனியாகக் குறிப்பிடவும்."

மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் பின்னாடி அறையில பியூரெட்டும் தட்டும் வெச்சிருக்கேன். ஆளுக்கொரு பிடி புளி கொண்டுவரச் சொல்லியிருந்தேன், கொண்டு வந்தவங்க வாங்க, அளந்து பார்த்துடலாம்.